அரசு வேலையை விடும்போது எது கடைசி நாள்?

தனியார் நிறுவனத்திடமிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. முப்பது நாளுக்குள் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிட அதிகம். வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு, திங்கட்கிழமை அலுவலகத்தில் பேப்பர் போட்டுவிட்டு முப்பதாம் நாள் புது இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தனியார் துறையில் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய கணக்கு அது. அரசுப் பணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அரசு ஊழியரின் ராஜினாமா, அவர் கடிதம் கொடுத்த நாளில் நடைமுறைக்கு வருவதில்லை. கடிதத்தில் அவரே குறித்த தேதியிலும் தானாக வந்துவிடுவதில்லை. நியமன அதிகாரி அதை ஏற்று, ஊழியரைப் பணியிலிருந்து விடுவிக்கும் நாளில்தான் அது நடைமுறைக்கு வருகிறது. அந்த நாள் வரை அவர் அரசு ஊழியர். நடத்தை விதிகள் அத்தனையும் அவரைக் கட்டுப்படுத்தும். அந்த நாள் கடந்துவிட்டால், தனியார் வேலைக்காக விலகியவர் திரும்பி வர விதியில் வழி இல்லை. இந்த ஒரு நாளுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பது புரிந்தால் ராஜினாமா நடைமுறையில் முக்கால் பங்கு புரிந்துவிடும்.

இங்கே சொல்வது மத்திய அரசின் குடிமைப் பணி விதிகளுக்கு உட்பட்டவர்களைப் பற்றி. வருமான வரி, சுங்கம், அஞ்சல், கணக்குத் தணிக்கை போன்ற அலுவலகங்களில் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதில் வருவார்கள். மாநில அரசு ஊழியர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் தனி விதிகள் உண்டு. அவர்கள் தங்கள் விதிப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே தொடங்கும் சிக்கல்

அரசு ஊழியர் இன்னொரு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அலுவலகத்துக்குத் தெரிவித்து, தடையில்லாச் சான்று வாங்கி, உரிய வழியாக அனுப்புவார். தனியார் வேலைக்கும் அதேபோல் ஒரு சான்று கேட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பணியாளர் நலத்துறையின் வழிகாட்டுதல் வேறு மாதிரி இருக்கிறது. தனியார் தொழில், வணிக நிறுவனங்களில் வேலை தேட அனுமதி கேட்கும் ஊழியர், விண்ணப்பிப்பதற்கு முன்பே ராஜினாமாவையோ ஓய்வுக்கான கோரிக்கையையோ கொடுத்துவிட வேண்டும் என்கிறது அது. பணியில் இருக்கும்வரை ஊழியரின் சேவை அரசுக்கு உரியது, அதைத் தனியார் முதலாளிக்கு விட்டுக்கொடுக்க மறுப்பது அரசின் நியாயமான உரிமை என்று காரணமும் சொல்கிறது.

இதோடு நடத்தை விதிகள் 1964-இன் 15ஆம் விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு வேலைக்காகப் பேச்சுவார்த்தை நடத்துவதற்கும் முன் அனுமதி வேண்டும் என்று அதே விதி சொல்வது பலருக்குத் தெரியாது. சம்பளம் பேசுவதும் சேரும் தேதியை முடிவு செய்வதும் பேச்சுவார்த்தைதான்.

நடைமுறையில் பலர் முதலில் நேர்காணலுக்குப் போய், வேலை உறுதியான பிறகுதான் ராஜினாமா கொடுக்கிறார்கள். கையில் வேலை இல்லாமல் இருக்கும் வேலையை விடுவது குடும்பத்துக்கு ஆபத்து என்பது புரிகிறது. ஆனாலும் அந்த வரிசை விதிக்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். சேரப்போகும் நிறுவனத்தோடு அலுவலகத்துக்கு ஒப்பந்தமோ, வரி விசாரணையோ, உரிமம் வழங்கும் உறவோ இருந்தால் இது வெறும் நடைமுறைப் பிழையாக நிற்காது. கோப்புகளைக் கையாண்டுகொண்டே அதே நிறுவனத்திடம் வேலை பேசினார் என்ற குற்றச்சாட்டாக மாறலாம். அப்படிப்பட்ட நிறுவனம் என்றால், அதன் கோப்புகளிலிருந்து தன்னை விலக்கும்படி எழுத்தில் கேட்டு, ராஜினாமாவைக் கொடுத்த பிறகு பேசுவதே ஊழியருக்குப் பாதுகாப்பு.

லீன் யாருக்குக் கிடைக்கும்?

அரசு அலுவலகங்களில் பழக்கமான சொல் லீன். நிரந்தரமாக நியமிக்கப்பட்ட ஊழியர் கொஞ்ச காலம் விலகி இருந்தாலும், திரும்பி வந்து தன் பணியிடத்தில் அமர்வதற்கு அவருக்கு உள்ள உரிமை அது. விடுப்பில் இருக்கும்போதும், அயல்பணியில் இருக்கும்போதும், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும்போதும்கூட அந்த உரிமை அவரிடமே இருக்கும்.

ஒரு மத்திய அரசு ஊழியர் உரிய அனுமதியோடு விண்ணப்பித்து, இன்னொரு மத்தியத் துறையிலோ மாநில அரசிலோ வேலை பெற்றுப் போனால், பழைய துறையில் அவருடைய லீன் 2 ஆண்டுகள் காக்கப்படும். விதிவிலக்கான நிலையில் இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம். புது இடம் சரிப்படவில்லை என்றால் அதற்குள் திரும்பிவிடலாம். அவர் கொடுப்பது தொழில்நுட்ப ராஜினாமா. பெயர் ராஜினாமா என்று இருந்தாலும், அவருடைய முந்தைய பணிக்காலம் அழியாது.

பக்கத்து மேசைக்காரர் இப்படி 2 ஆண்டு லீனோடு வேறு துறைக்குப் போனதைப் பார்த்தவர்கள், தனியார் வேலைக்கும் அதைக் கேட்கலாம் என்று எண்ணுகிறார்கள். கேட்க முடியாது. தனியார் நிறுவனத்துக்குப் போகிறவரின் பணித் தொடர்பே அறுந்துவிடுகிறது. லீனைத் தாங்கி நிற்க எதுவும் மிஞ்சுவதில்லை. தனியார் நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியும்வரை பழைய இடத்தை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதும் மனுக்கள் இதனால்தான் நிராகரிக்கப்படுகின்றன.

லீன் கிடைக்காது என்று தெரிந்ததும் சிலர் நீண்ட விடுப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். ஊதியமில்லா அசாதாரண விடுப்பு போட்டுவிட்டு, புது வேலையை நாலு மாதம் பார்க்கலாம் என்ற யோசனை அது. விடுப்பு விதிகள் 1972-இன் 13ஆம் விதி, முன் அனுமதி இல்லாமல் விடுப்பில் இருக்கும்போது வேறு வேலை ஏற்பதைத் தடுக்கிறது. புது நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலும் வருமான வரிப் பிடித்தத்திலும் அவருடைய பெயர் பதிவாகத் தொடங்கிவிடும். ஒரே மாதத்தில் இரண்டு முதலாளிகள் தெரியவந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகும். அதன் பிறகு கௌரவமாக ராஜினாமா செய்யும் வாய்ப்பும் சிக்கலாகிவிடும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

ராஜினாமாக் கடிதம் நியமன அதிகாரிக்கு எழுதப்பட்டு, உடனடி மேலதிகாரி வழியாகப் போக வேண்டும். தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது அடிப்படை. ‘இடமாற்றம் ரத்தாகாவிட்டால் இதையே என் ராஜினாமாவாகக் கொள்ளவும்’ என்று எழுதினால் அது ராஜினாமா ஆகாது. ‘லீன் அளித்து விடுவிக்கவும்’ என்று எழுதினாலும் நிபந்தனையாகிவிடும். கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும், இரண்டு வாரம் போய்விடும்.

பெயர், பதவி, பிரிவு, பணியில் சேர்ந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து விடுவிக்கக் கோருகிறார் என்ற விவரம், அரசுக்குக் கட்ட வேண்டிய கடன்கள், செய்து கொடுத்த பிணைப் பத்திரங்கள் ஆகியவை இருந்தால் போதும். நிரந்தர ஊழியருக்கு இத்தனை நாள் நோட்டீஸ் என்று மத்திய விதிகள் கறாராகச் சொல்வதில்லை. தற்காலிகப் பணி விதிகளின் கீழ் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு மாத நோட்டீஸ் உண்டு. அவர்களுடைய நோட்டீஸுக்கும் நிரந்தர ஊழியரின் ராஜினாமாவுக்கும் சட்ட விளைவே வேறு. நிரந்தர ஊழியர் கோப்பு நகரத் தேவைப்படும் காலத்தை மதிப்பிட்டு, இரண்டு மூன்று மாதம் தள்ளித் தேதி குறிப்பது நல்லது.

காரணத்தை எப்படி எழுதுவது என்று பலர் தயங்குகிறார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிவிட்டால் நாளைக்குத் திரும்பி வர வாய்ப்பு இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்வதை முடிவு செய்யும் விதி, எந்த நோக்கத்தோடு விலகினார் என்பதைப் பார்க்கிறது. விலகிய மறுநாளே தனியார் நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு, கடிதத்தில் எழுதிய இரண்டு சொற்கள் உதவ முடியாது. உண்மையைச் சுருக்கமாக எழுதிவிடுவது மேல்.

ஏற்பதும் விடுவிப்பதும்

விருப்பமில்லாத ஊழியரைப் பிடித்து வைப்பது அரசுக்கு நன்மையல்ல என்பதுதான் 1988 பிப்ரவரியில் வெளியான தொகுப்பு வழிகாட்டுதலின் பொதுக் கொள்கை. ஆகவே ராஜினாமாக்கள் பெரும்பாலும் ஏற்கப்படும். இரண்டு சூழ்நிலைகளில் மட்டும் தாமதமோ மறுப்போ வரும். ஊழியர் முக்கியமான வேலையில் இருந்து, அவருக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் தேவைப்பட்டால், அந்த ஏற்பாடு முடிந்த பிறகுதான் ஏற்பார்கள். ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால், அவர் மீதான வழக்கின் தன்மையைப் பார்த்து, ராஜினாமாவை ஏற்பது பொதுநலனுக்கு உகந்ததா என்று ஆராய்வார்கள். குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க ராஜினாமா ஒரு வழியாகிவிடக் கூடாது என்பதே காரணம். இதற்காகத்தான் ஒவ்வொரு ராஜினாமாக் கோப்பும் விஜிலன்ஸ் பிரிவுக்குப் போய், அவர் மீது எதுவும் நிலுவையில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வருகிறது.

கோப்பு எங்கே நிற்கிறது என்பதைக் கணிப்பது கடினமல்ல. கடிதம் கொடுத்த அன்றே பதிவு எண்ணோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினைந்து நாளாகியும் விஜிலன்ஸ் பிரிவுக்கோ கணக்குப் பிரிவுக்கோ விவரம் கேட்டுக் குறிப்பு போகவில்லை என்றால், கோப்பு நிர்வாகப் பிரிவிலேயே கிடக்கிறது என்று பொருள். அப்போது எழுத்தில் ஒரு நினைவூட்டல் கொடுக்க வேண்டும். வாய்மொழியாக ‘ஆகிவிடும் சார்’ என்று கிடைக்கும் பதிலை நம்பிப் புது நிறுவனத்துக்குத் தேதி சொல்லிவிடக் கூடாது.

தாங்களே குறித்த தேதி வந்ததும், ஏற்பு உத்தரவு கைக்கு வராமலேயே வருவதை நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் அனுமதியின்றிப் பணிக்கு வராதவர்கள். முதலில் பணிக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வரும்; பிறகு குற்றக் குறிப்பாணை, விசாரணை என்று போகும். பணியறவு வரை போய்விட்டால், பிறகு எந்த அரசு வேலைக்கும் பொதுவாகத் தகுதி இருக்காது. இந்த நேரமெல்லாம் அவர் இன்னொரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கியிருப்பதால், 15ஆம் விதியை மீறியதும் குற்றச்சாட்டில் சேரும். ராஜினாமா கொடுத்து அமைதியாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் இப்படித்தான் வருடக்கணக்கில் இழுக்கிறது.

மனம் மாறினால்

கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. அதிகாரி ஏற்பதற்கு முன்பே திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால், ராஜினாமா தானாகவே இல்லாமல் போகிறது. அதை ஏற்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஏற்ற பிறகு, ஆனால் பணியிலிருந்து விடுவிப்பதற்கு முன்பு கேட்டால், அனுமதிப்பதே வழக்கமான கொள்கை. மறுப்பதாக இருந்தால் காரணத்தைப் பதிவு செய்து ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட பிறகு கேட்பது மூன்றாவது கட்டம். ஓய்வூதிய விதிகளின் 26ஆம் விதி இதற்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நேர்மையையோ திறமையையோ பாதிக்காத, தவிர்க்க முடியாத காரணத்தால் விலகியிருக்க வேண்டும். அந்தச் சூழ்நிலை இப்போது மாறியிருக்க வேண்டும். இடைக்காலத்தில் நடத்தை சரியாக இருந்திருக்க வேண்டும். விலகிய நாளுக்கும் திரும்பப் பணியில் சேரும் நாளுக்கும் இடையே 90 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பணியிடமோ அதற்கு இணையான இடமோ காலியாக இருக்க வேண்டும். பெற்றோரின் கடுமையான நோய்க்காக விலகியவர் இந்த வழியில் திரும்ப வர முடியும்.

தனியார் வணிக நிறுவனத்தில் வேலை ஏற்பதற்காக விலகியவரின் கோரிக்கையை ஏற்கக் கூடாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. 90 நாள் என்ற சலுகை அவருக்கு இல்லவே இல்லை. புது நிறுவனத்தில் சேர்ந்து பத்தாவது நாள் ஆள்குறைப்பு என்றாலும் இதே நிலைதான். ஆகவே, மறுயோசனை செய்வதற்கு அவருக்கு இருக்கும் காலம், கடிதம் கொடுத்த நாளுக்கும் விடுவிக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்டது மட்டுமே.

எட்டு மாதம் காத்திருந்தால் என்ன கிடைக்கும்?

26ஆம் விதியின் முதல் வரி இன்னும் கடுமையானது: ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுவதும் இழக்கப்படும். 15 ஆண்டு வேலை பார்த்தவருக்கும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அவருடைய சொந்தச் சேமிப்பான பொது வருங்கால வைப்பு நிதியும், குழுக் காப்பீட்டில் சேர்ந்த சேமிப்பும் வந்துவிடும். சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பில் பாதிக்கு மட்டும் பணம் கிடைக்கும், அதுவும் 150 நாளுக்கு மேல் போகாது.

20 ஆண்டு முடித்தவர்களுக்கு விருப்ப ஓய்வு என்ற தனி வழி இருக்கிறது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து ஓய்வு பெறலாம். நோட்டீஸ் காலம் முடிவதற்குள் அதிகாரி மறுக்காவிட்டால், ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வரும். ராஜினாமாவில் இந்தத் தானியங்கி ஏற்பாடு கிடையாது. இரண்டும் வேலையை விடுவதுதானே என்று தோன்றலாம். ஆனால் 2019 டிசம்பரில் பி.எஸ்.இ.எஸ். யமுனா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டும் வேறு என்று தெளிவுபடுத்தியது. 20 ஆண்டு முடித்தவராக இருந்தாலும், அவர் கொடுத்தது ராஜினாமா என்றால் பணிக்காலம் இழக்கப்படும். அதைப் பின்னால் விருப்ப ஓய்வாக மாற்றிப் படிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2006 ஆகஸ்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்த ஒருவருக்கு 2025 டிசம்பரில் தனியார் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணிக்காலம் 19 ஆண்டு 4 மாதம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய். கணக்கில் 240 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது.

உடனே ராஜினாமா செய்தால் 240 நாளில் பாதியான 120 நாளுக்கு, நாளுக்கு 3,000 ரூபாய் வீதம், 3,60,000 ரூபாய் கிடைக்கும். பணிக்கொடை எதுவும் இல்லை. அவர் 20 ஆண்டு முடியும்வரை எட்டு மாதம் காத்திருந்து, பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றால் நிலைமை மாறுகிறது. விருப்ப ஓய்வில் ஈட்டிய விடுப்பு 300 நாள் வரை முழுதாகக் கணக்கிடப்படும் என்பதால், அதே 240 நாளுக்கு 7,20,000 ரூபாய். பணிக்கொடை ஒவ்வோர் அரையாண்டுக்கும் மாத ஊதியத்தில் கால் பங்கு. 20 ஆண்டுக்கு மட்டும் கணக்கிட்டால் 40 அரையாண்டு, அதாவது பத்து மாத ஊதியம்: 9,00,000 ரூபாய். இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் 12,60,000 ரூபாய். காத்திருக்கும் காலத்தில் சேரும் விடுப்பையும் ஊதிய உயர்வையும் இதில் சேர்க்கவில்லை.

தனியார் நிறுவனம் மாதம் 50,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாக இருந்தால், 11 மாதத்தில் அவர் இழப்பது 5,50,000 ரூபாய். அப்படியும் காத்திருப்பதே லாபம். நிறுவனம் காத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஏழு எட்டு ஆண்டே பணியாற்றியவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அவர் காத்திருந்து பெறுவதற்கு அருகில் எதுவும் இல்லை.

இவர் 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பார். அவருடைய கணக்கில் சேர்ந்த தொகை, அரசின் பங்கு உட்பட, ராஜினாமாவால் பறிபோவதில்லை. ஆனால் ராஜினாமாவோடு கணக்கையும் முடித்துக்கொண்டால், அது காலத்துக்கு முந்தைய வெளியேற்றமாகக் கருதப்பட்டு, 80 சதவீதத் தொகையைக் கொண்டு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டியிருக்கும். விருப்ப ஓய்வில் அது 40 சதவீதம். முடித்துக்கொள்ளாமல், அதே நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்ணைத் தனியார் நிறுவனத்தின் பிரிவுக்கோ பொதுமக்கள் பிரிவுக்கோ மாற்றித் தொடரவும் முடியும். வயது நாற்பதை ஒட்டி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே நல்லது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதில் உள்ள உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் ராஜினாமா செய்பவர்களுக்குக் கிடையாது.

நோ டியூஸிலிருந்து ரிலீவிங் ஆர்டர் வரை

ஏற்பு உத்தரவு வந்த பிறகு நடப்பவை சின்ன வேலைகள்தான். ஆனால் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டால் அவை பெரிதாகிவிடும். ஒவ்வொரு பிரிவும் தனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அலுவலக மடிக்கணினி, நூலகப் புத்தகம், அடையாள அட்டை, மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை இவையெல்லாம் ஒப்படைப்பில் வரும். கணக்குப் பிரிவில் விடுப்புப் பயண முன்பணம், வீடுகட்டும் கடன், சுற்றுப்பயண முன்பணம் ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். அரசுக் குடியிருப்பில் இருப்பவர், விலகிய பிறகு ஒரு மாதத்துக்குள் காலி செய்யும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

பெரிய தொகை மறைந்திருக்கும் இடம் படிப்பு விடுப்பு. அரசுச் செலவில் மேற்படிப்புக்குப் போய்த் திரும்பியவர், மூன்று ஆண்டுக்குள் ராஜினாமா செய்தால், அந்த விடுப்புக் காலத்து ஊதியத்தையும் அரசு செய்த மற்ற செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு படித்தவருக்கு இது பல லட்சம். எவ்வளவு என்று கடிதம் கொடுக்கும் முன்பே கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புது நிறுவனத்திடம் ஈடுசெய்யும்படி பேசுவதற்கும் அந்த எண் வேண்டும்.

கடைசி நாளில் பொறுப்பை ஒப்படைத்ததற்கான அறிக்கையில் கையெழுத்திட்டு, ரிலீவிங் ஆர்டரை வாங்க வேண்டும். ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து ஏற்கப்பட்டது, அந்த நாளின் முற்பகலிலா பிற்பகலிலா விடுவிக்கப்பட்டார் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். முற்பகல் என்று இருந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடைக்காது. பிற்பகல் என்று இருந்தால் அதே நாளில் புது நிறுவனத்தில் சேரக் கூடாது. மறுநாள்தான் சேர வேண்டும். தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால், பின்னால் பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கூடவே பணிச் சான்றிதழ், கடைசி ஊதியச் சான்று, வருமான வரிக்கான படிவம் 16 ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். பணிப் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களுக்கும், விடுப்புக் கணக்குப் பக்கம் உட்பட, நகல் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். விலகிய பிறகு விடுப்புப் பணத்தில் நாள் குறைந்திருப்பதாகத் தெரிந்தால், வாதாட அந்த நகல் ஒன்றே ஆதாரம்.

நிறுவனத்திடம் எப்படிப் பேசுவது

இந்த நடைமுறையோடு மோதுவது பெரும்பாலும் நிறுவனம் குறிக்கும் சேரும் தேதி. அரசு ஊழியர்களை எடுத்துப் பழகிய நிறுவனங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களிடம் விளக்க வேண்டும். வேலை உத்தரவில் இந்தத் தேதியில் சேர வேண்டும் என்று நிலையான நாளைப் போடாமல், ‘அரசுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள்’ என்று எழுதித் தரும்படி கேட்கலாம். உத்தரவு எத்தனை மாதம் செல்லும் என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாவது இருக்க வேண்டும்.

அதற்கு ஒத்துக்கொள்ளாமல், முப்பது நாளில் வரவில்லை என்றால் உத்தரவு ரத்து என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தால், அங்கே போவதை மறுபடி யோசிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருடத்தில் வேலை போனால், அந்த ஊழியருக்குத் திரும்பிப் போகப் பழைய மேசை இல்லை. புதிதாகத் தேர்வு எழுதி வந்தாலும், பழைய பணிக்காலம் கணக்கில் சேராது. இவ்வளவையும் விட்டுவிட்டு வருகிறவருக்கு இரண்டு மாத அவகாசம் தர மனமில்லாத முதலாளி, நாளைக்கு நெருக்கடி வரும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதை இப்போதே காட்டிவிட்டார்.